பேனா போன வழியில் புள்ளி வையுங்கள்: ஸ்கேன் செய்த ‘உ’ வெக்டர் ஆகும் விதம்

கேள்வி: “பட்டை நிப்பில் எழுதிய ‘உ’ ஒன்றை ஸ்கேன் செய்து Inkscape-இல் Trace Bitmap கொடுத்தேன். 140 ஆங்கர் பாயிண்ட் வருகிறது, ஓரமெல்லாம் நெளிகிறது. Simplify அழுத்தினால் புள்ளி குறைகிறது, ஆனால் எழுத்து சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடுகிறது. கையால் வரைந்தாலும் வளைவு சரியாக வரவில்லை. குறைந்த புள்ளிகளில் வழவழப்பாக, அதே சமயம் பேனாவில் எழுதியது போலவே எப்படிக் கொண்டுவருவது?”

நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மையின் ஓரத்தை. புள்ளி வைக்க வேண்டியது நிப்பின் இரண்டு மூலைகளும் போன வழியில். இதைப் பிடித்துவிட்டால் உங்கள் ‘உ’வின் பெரிய வளைவும் அடிக்கோடும் சேர்ந்து பன்னிரண்டு புள்ளிகளில் முடிந்துவிடும். தொடக்கச் சுழிக்கு இன்னும் ஏழெட்டு ஆகலாம்.

தானியங்கி டிரேஸ் ஏன் தடுமாறுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். Inkscape-இன் Trace Bitmap உள்ளே பயன்படுத்துவது Potrace. அது முதலில் படத்தைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு, இரண்டும் சந்திக்கும் பிக்சல் படிக்கட்டின் மேல் வளைவுகளைப் பொருத்துகிறது. காகித நார் வழியாக மை அரை மில்லிமீட்டர் ஊர்ந்திருந்தால், அதுவும் அதற்கு எழுத்தின் ஒரு பகுதிதான். நிப் எங்கே திரும்பியது, எங்கே நின்றது என்பது அதற்குத் தெரியாது. Simplify-க்கும் தெரியாது. ஓரத்திலிருந்து இவ்வளவு விலகலாம் என்று ஓர் அளவு வைத்துக்கொண்டு, அதற்குள் எந்தப் புள்ளியை எடுக்க முடியுமோ எடுத்துவிடுகிறது. நெளிவோடு சேர்த்து, இருந்தே ஆகவேண்டிய கூர்முனைகளும் போவது அதனால்தான். அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் அந்த அளவு ஒவ்வொரு முறையும் கூடுகிறது. சோப்புக்கட்டி அப்படித்தான் உருவாகிறது.

ஸ்கேனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 600 dpi, கிரேஸ்கேல், PNG அல்லது TIFF. கறுப்பு வெள்ளையாக மட்டும் ஸ்கேன் செய்யாதீர்கள். கிரேஸ்கேலில் ஓரம் மூன்று நான்கு பிக்சல் அகலச் சாம்பல் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையின் நடுவில் கோட்டைக் கொண்டுபோனால் எழுத்தின் தடிமன் சரியாக வரும். முன்கூட்டியே இரண்டாகப் பிரித்துவிட்டால், பிரிக்கும் அளவு சற்று மாறினாலே எழுத்து பருக்கும் அல்லது இளைக்கும். Inkscape-க்குள் படத்தைக் கொண்டுவரும்போது Default import resolution என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ஸ்கேனின் ஒரு பிக்சல் வரைபலகையின் ஒரு px ஆக உட்காரும், கணக்கு எளிதாகும். படத்தின் ஒளிபுகாத் தன்மையைப் பாதியாகக் குறைத்து, லேயரைப் பூட்டிவிட்டு, மேலே புதிய லேயரில் வரையுங்கள்.

உங்கள் ‘உ’ சுமார் 4 செ.மீ. உயரம், நிப் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். 600 dpi-இல் எழுத்து ஏறத்தாழ 945 பிக்சல் உயரமும், நிப் 94 பிக்சல் அகலமும் வரும். உங்களுடைய அளவுகள் வேறாக இருந்தாலும் வேலை செய்யும் முறை மாறாது.

முதலில் நிப்பை அளக்க வேண்டும். ‘உ’வின் அடிக்கோடு வலப்பக்கம் முடியும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பேனாவைத் தூக்கிய அந்த இடத்தில் கோடு சாய்வாக வெட்டியது போல நிற்கும். அந்த வெட்டுதான் நிப்பின் அச்சு. பேனா கருவியை எடுத்து வெட்டின் கீழ்முனையில் ஒரு கிளிக் செய்து, மேல்முனை வரை இழுத்துப் பாருங்கள். கீழே நிலைப்பட்டையில் கோணமும் நீளமும் தெரியும். 30 டிகிரி, 94.5 பிக்சல் என்று வந்தால், நிப்பின் மேல்மூலை கீழ்மூலையிலிருந்து எப்போதும் வலப்பக்கம் 82, மேலே 47 பிக்சல் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். இந்த 82, 47 என்ற ஜோடியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி எல்லா இடத்திலும் இதுதான் வரும். மை கொஞ்சம் பரவியிருக்கும் என்பதால் இந்த நீளம் நிப்பின் உண்மை அகலத்தைவிட இரண்டொரு பிக்சல் கூடுதலாக இருக்கலாம். அதனால் தொல்லை இல்லை.

பேனாவைத் திருப்பாமல் ஒரே கோணத்தில் பிடித்து எழுதும்போது, நிப்பின் இரண்டு மூலைகளும் ஒரே வடிவமுள்ள இரண்டு பாதைகளில் போகின்றன. ஒன்று மற்றொன்றின் நகல், 82, 47 தள்ளிவைக்கப்பட்ட நகல். எழுத்தின் தடிமன், மெலிவு எல்லாமே இந்த இரண்டு பாதைகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான். ஆகவே நீங்கள் வரைய வேண்டியது ஒரே ஒரு பாதை. இரண்டாவதை நகல் எடுத்து நகர்த்தினால் போதும்.

கீழ்மூலையின் பாதையிலிருந்து தொடங்குவோம். ‘உ’வின் தலைப்பகுதியில் பேனா இடப்பக்கம் மேலேறி, உச்சியைத் தொட்டு, வலப்பக்கம் இறங்கி, சாய்வாக இடதுகீழ் மூலைக்கு வந்து நின்று, பிறகு அடிக்கோடாக வலப்பக்கம் ஓடுகிறது. இதில் கீழ்மூலை எந்த ஓரத்தை வரைகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் ஏறும்போது அது வெளியோரம். உச்சியில் அதுவே உள்ளோரமாகிவிடுகிறது. வலப்பக்கம் இறங்கும்போதும் உள்ளோரம்தான். அடிக்கோட்டில் அதன் கீழ்விளிம்பு. அதாவது ஒரே மூலை வெளியோரமாகத் தொடங்கி நடுவில் உள்ளோரமாக மாறிவிடுகிறது. மையின் வெளியோரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வரைகிறவர்களுக்கு வளைவு பிடிபடாமல் போவது இங்கேதான். அவர்கள் ஒரே வளைவு என்று நினைத்துத் தொடர்வது உண்மையில் இரண்டு வளைவுகளின் துண்டுகள்.

கீழ்மூலையின் பாதைக்கு ஐந்தே புள்ளிகள் போதும். தலையின் இடக்கோடி, உச்சி, வலக்கோடி, இடதுகீழ் முனை, அடிக்கோட்டின் முடிவு. முதல் மூன்றும் வளைவு தன் போக்கை மாற்றும் கோடிகள். இடக்கோடியில் ஹேண்டில் நேர்செங்குத்தாக, உச்சியில் நேர்கிடையாக, வலக்கோடியில் மறுபடி செங்குத்தாக இருக்க வேண்டும். Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு இழுத்தால் ஹேண்டில் கோணம் பிசகாது. இப்படிக் கோடிகளில் வைக்கும்போது, இரண்டு புள்ளிகளுக்கு இடையே வளைவு 90 டிகிரிக்கு மேல் திரும்பாது. ஒரு துண்டை அதற்கு மேல் திருப்பச் சொன்னால்தான் அது வயிறு பிதுங்குகிறது அல்லது தட்டையாகிறது.

ஹேண்டில் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இடக்கோடியிலிருந்து மேலே ஒரு கோடு, உச்சியிலிருந்து இடப்பக்கம் ஒரு கோடு நீட்டினால் இரண்டும் ஒரு மூலையில் சந்திக்கும். கால்வட்டமாக இருந்தால் ஒவ்வொரு ஹேண்டிலும் அந்த மூலைக்குப் போகும் தூரத்தில் சுமார் 55 சதவீதம் இருக்க வேண்டும். நுணுக்கமாகச் சொன்னால் 0.5523. உங்கள் ‘உ’வின் தலை, பேனா போன பாதையில் 200 பிக்சல் ஆரமுள்ள வட்டம் என்றால் ஹேண்டில் 110 பிக்சல். எழுதியவர் கை வட்டத்தைவிடச் சற்றுச் சதுரமாகப் போயிருந்தால் 60, 65 வரை ஏற்றுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஹேண்டில் அந்த மூலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தத் துண்டின் நடுவில் வளைவு தேவையில்லாமல் எதிர்ப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடும்.

வலக்கோடியிலிருந்து இடதுகீழ் முனைக்கு இறங்கும் துண்டு பெரும்பாலும் ஒரே துண்டாக அமையும். சிலர் கையெழுத்தில் அது பாதியில் மெல்ல எதிர்ப்பக்கம் வளைந்து, படுத்த S போலப் போகும். மெல்லிய S என்றால் நடுவில் புள்ளி வேண்டாம். கீழ்முனையின் ஹேண்டிலை எதிர்ப்பக்கமாகச் சாய்த்தால் அந்த ஒரே துண்டே இரண்டு வளைவையும் எடுத்துக்கொள்ளும். S ஆழமாக இருந்தால் மட்டும், வளைவு பக்கம் மாறும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு ஹேண்டிலையும் அந்தச் சாய்வின் மேலேயே நீட்டுங்கள்.

இப்போது Ctrl+D கொடுத்து நகல் எடுங்கள். Object > Transform-இல் Move பகுதிக்குப் போய், Relative move குறியிட்டு, அலகை px என்று வைத்து, கிடைவாக்கில் 82, செங்குத்தில் -47 கொடுங்கள். புதிய Inkscape-இல் y அச்சு கீழ்நோக்கிப் போவதால்தான் அந்தக் கழித்தல் குறி. நகல் நகர்ந்ததும் ஸ்கேனின் மற்ற ஓரத்தின் மேல் போய் உட்காரும். முதல் முறை இதைப் பார்த்தபோது நான் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அந்த இரண்டு ஓரங்களையும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல வரைந்து வரைந்து அழித்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட ‘பேனாவில் எழுதியது போல’ என்ற விஷயம். இரண்டு இடங்களை மட்டும் நெருங்கிப் பார்த்தால் போதும்.

முதல் இடம், தலையின் இடதுமேல் பகுதி. அங்கே பேனா 30 டிகிரி சாய்வில் மேலேறிப் போகும் ஒரு நொடியில், நிப் தன் அகலவாட்டிலேயே நகர்கிறது. கத்தியை அதன் விளிம்பு போகும் திசையிலேயே இழுப்பது போல. அதனால் கோடு இழையாக மெலிந்துவிடுகிறது. 200 பிக்சல் ஆரமும் 94 பிக்சல் நிப்பும் என்றால், கணக்குப்படி அந்த மெலிந்த இடத்தின் தடிமன் ஏறத்தாழ 6 பிக்சல், அதாவது கால் மில்லிமீட்டர். நிப்பின் உலோகத்துக்கும் ஒரு கனம் உண்டு, மையும் பரவும் என்பதால் ஸ்கேனில் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

இந்த இழையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. வெளிப்பக்கம் கீழ்மூலையின் வளைவு முடிந்து மேல்மூலையின் வளைவு தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே நிப்பின் அகலம் அளவுக்கு, 94 பிக்சல், ஏறக்குறைய நேர்கோடு. திரும்பும் இடம் இரண்டிலும் வழவழப்பாகவே இருக்கும், ஆனால் நடுவில் கொஞ்சம் தட்டை. உள்பக்கமோ நேர்மாறு. அங்கே இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. வெட்டும் இடத்தில் ஓரம் 27 டிகிரி மடங்குகிறது. அது ஒரு கூர்முனை. ஸ்கேனில் மை அதைக் கொஞ்சம் மழுக்கியிருக்கும், ஆனாலும் பட்டை நிப்பில் எழுதிய எந்த வட்ட எழுத்திலும் உள்ளே இருக்கும் வெற்றிடம், அதாவது உள்வெளி, வாதுமைக்கொட்டை போல முனை கூர்ந்து நிற்பதைப் பார்க்கலாம்.

Simplify கொன்றுபோட்டது இந்தக் கூர்முனையைத்தான். உள்ளோரத்தை முழுவதும் வழவழப்பாக ஆக்கினால் இழை தடித்துவிடும், உள்வெளியின் முனை உருண்டுவிடும், பேனா போய் மார்க்கர் வந்துவிடும். ஆகவே உள்பக்கம் அந்த வெட்டுமிடத்தில் ஒரு புள்ளி வைத்து, Shift+C கொடுத்து அதை முனைப்புள்ளியாக ஆக்குங்கள். இரண்டு ஹேண்டில்களும் அங்கே ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. வெளிப்பக்கம், அந்தத் தட்டையான 94 பிக்சலின் நடுவில் ஒரே ஒரு புள்ளி. Shift+S கொடுத்து வழவழப்பாக்கி, ஹேண்டில்களை நிப்பின் 30 டிகிரி சாய்விலேயே இரண்டு பக்கமும் நீட்டுங்கள். கோடியில் இல்லாமல் சாய்வாக நிற்கும் புள்ளி என்பதால் சிலர் இதைத் தவறு என்பார்கள். கோடிகளில் மட்டும்தான் புள்ளி என்று பிடிவாதமாக இங்கே ஒரே துண்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எப்படி இழுத்தாலும் தட்டையான இடத்தில் நாலைந்து பிக்சல் வெளியே பிதுங்குகிறது. வேறெங்காவது என்றால் விட்டுவிடலாம். 6 பிக்சல் இழையின் மேல் 5 பிக்சல் பிதுக்கம் என்றால் தடிமன் இரண்டு மடங்காகிவிடுகிறது. அங்கே கூடுதலாக ஒரு புள்ளி வைப்பதுதான் சரி.

ஹேண்டில் நீளத்தில் இங்கே ஒரு சிறு மாற்றம் உண்டு. இடக்கோடியிலிருந்து இந்தச் சாய்வுப் புள்ளி வரை வளைவு 60 டிகிரிதான் திரும்புகிறது, பிறகு நேராகப் போகிறது. 55 சதவீதம் இங்கே பொருந்தாது. இரண்டு ஹேண்டில்களும் சந்திப்பு மூலைக்குப் போகும் தூரத்தில் முக்கால்வாசி வரை நீண்டால் ஓரம் படிந்துவிடும். அதிலிருந்து தொடங்கிக் கண்ணால் சரிசெய்யுங்கள். இரண்டு மூன்று பிக்சல் வித்தியாசம் எஞ்சினாலும் அது இழையைத் தொடாது.

இரண்டாவது இடம், இடதுகீழ் முனை. பேனா சாய்வாக வந்து நின்று, எடுக்காமலே அடிக்கோடாகத் திரும்பும் இடம். ஸ்கேனில் வெளிமுனை ஓரளவு கூராக இருக்கும். உள்பக்கத்துக் கவட்டை மட்டும் மை தேங்கி உருண்டிருக்கும், சில சமயம் நிரம்பியே போயிருக்கும். உண்மையான கவட்டை எங்கே இருந்தது என்று மையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் நமக்குத் தெரியும். வெளிமுனை நிப்பின் கீழ்மூலை திரும்பிய இடம், கவட்டை மேல்மூலை திரும்பிய இடம். இரண்டும் ஒரே நொடியில் நடந்தவை. எனவே கவட்டை வெளிமுனையிலிருந்து வலப்பக்கம் 82, மேலே 47 தள்ளித்தான் இருந்தாக வேண்டும். நகர்த்திய நகலில் அந்தப் புள்ளி ஏற்கெனவே சரியான இடத்தில் நிற்கிறது, தேங்கிய மைக்கு உள்ளே. அங்கேயே கூராக விட்டுவிடுங்கள். அச்சில் எழுத்து சிறிதாகும்போது கவட்டை தானாகவே கொஞ்சம் நிரம்பும். மை தேங்கிய உருண்டையையும் வரைந்து வைத்தால், நிரம்பியதன் மேல் மறுபடி நிரம்பிக் கறைபோலத் தெரியும்.

இதே கணக்கில் தடிமன்களையும் சரிபார்த்துக்கொள்ளலாம். கிடையாக ஓடும் அடிக்கோட்டின் தடிமன் 47 பிக்சல், நிப்பின் அகலத்தில் பாதி. 45 டிகிரி சாய்வாக இடதுகீழாக இறங்கும் பகுதி ஏறத்தாழ 24 பிக்சல். தலையின் வலதுமேல் பகுதியில், நிப்புக்கு நேர்க்குறுக்காகப் பேனா இறங்கும் இடத்தில், முழு 94. ஸ்கேனில் அடிக்கோடு 60 பிக்சல் என்று வந்தால், எழுதியவர் அங்கே பேனாவைத் திருப்பிச் சற்று நிமிர்த்திப் பிடித்திருக்கிறார். 40 டிகிரி என்றால் கணக்கு 60-க்கு வந்துவிடும்.

கை என்பது இயந்திரமல்ல, எல்லா எழுத்திலும் இப்படி ஏதாவது ஓரிடத்தில் கோணம் மாறியிருக்கும். நகர்த்திய நகல் ஓரத்தில் படியாத இடங்கள் அவைதான். அங்கே நகலின் புள்ளியை ஸ்கேனைப் பார்த்து நகர்த்துங்கள், ஆனால் புதிதாகப் புள்ளி சேர்க்காதீர்கள். மேற்சொன்ன அடிக்கோட்டில் என்றால், மேல்மூலைப் பாதையின் கடைசிப் புள்ளி சுமார் 13 பிக்சல் மேலேயும் 10 பிக்சல் இடப்பக்கமும் போகும், அவ்வளவுதான். நகர்த்துவது எத்தனை பிக்சல் என்பதைப் பார்த்துத் தீர்மானியுங்கள். மூன்று நான்கு பிக்சல் என்றால் அது மையின் வேலை, விட்டுவிடுங்கள். பத்துக்கு மேல் என்றால் அது கையின் வேலை, அதை மதித்து வரையுங்கள்.

இரண்டு பாதைகளும் திருப்தியாக அமைந்த பிறகு மூடிய வடிவமாகச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, உள்பக்க வெட்டுமிடத்தில் இரண்டு பாதையிலும் கோட்டின் மேல் இரட்டைக் கிளிக் செய்து புள்ளி சேருங்கள், வளைவு மாறாது. அங்கே உடைத்து, வேண்டாத துண்டுகளை நீக்கி, முனைகளைச் சேருங்கள். இணைத்த பிறகு வெளியோரத்தில் இடக்கோடி, சாய்வுப் புள்ளி, உச்சி, வலக்கோடி, பிறகு கவட்டை, அடிக்கோட்டு முடிவின் இரண்டு மூலைகள், வெளிமுனை, திரும்பி உள்ளோரத்தில் வலக்கோடி, உச்சி, கூர்முனை, இடக்கோடி என்று பன்னிரண்டு வரும். சுழியையும் இதே முறையில், கோடிகளும் வெட்டுமிடங்களும் பார்த்துப் போடலாம். சிறிய வட்டம் என்பதால் அதன் உள்வெளி மை நிரம்பி ஊகிக்க முடியாத அளவுக்குப் போயிருக்கலாம். அங்கேயும் 82, 47 கைகொடுக்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஸ்கேனை மறைத்துவிடுங்கள். கறுப்பு நிரப்பி, எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி, திரையில் இரண்டு செ.மீ. உயரத்துக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். தலைகீழாக இருக்கும்போது கண் எழுத்தை வாசிப்பதை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பார்க்கும், மேடு பள்ளம் உடனே தெரியும். மேடு தெரிந்தால் அநேகமாக அது ஒரு வழவழப்பான புள்ளியில்தான் இருக்கும். இரண்டு ஹேண்டில்களும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன, பின் ஏன் மேடு என்று தோன்றும். ஒரு ஹேண்டில் 30 பிக்சலாகவும் மறுபக்கத்தது 110 ஆகவும் இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளிக்கு அருகில் வளைவு எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்பது ஹேண்டில் நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகப் போகிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஹேண்டிலைப் பாதியாக்கினால் இறுக்கம் நான்கு மடங்காகும். திசை ஒத்துப்போனாலும் இறுக்கம் சட்டென்று மாறுவதைக் கண் மேடாகப் பார்க்கிறது. குட்டை ஹேண்டிலை நீட்டி, அந்தத் துண்டின் மறுமுனை ஹேண்டிலை அதற்கேற்பக் குறைத்தால் மேடு அடங்கும். Glyphs மென்பொருள் வைத்திருந்தால் Speed Punk என்ற பிளகின் இந்த இறுக்கத்தை நிறத்தாலும் உயரத்தாலும் ஓரம் முழுக்கக் காட்டும். நிறம் ஒரே புள்ளியில் வெட்டியது போல மாறினால் அங்கே கை வைக்க வேண்டும்.

இன்னொரு சோதனை. ஏதாவது ஒரு புள்ளியைத் தேர்ந்து நீக்கிப் பாருங்கள், உடனே Ctrl+Z. நீக்கியபோது வடிவம் பெரிதாகக் கலையவில்லை என்றால் அந்தப் புள்ளி தேவையற்றது. பன்னிரண்டில் எதை நீக்கினாலும் எழுத்து கலைய வேண்டும்.

எழுத்துரு செய்யப்போகிறீர்கள் என்றால், அளவைச் சுருக்குவதை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் ஆயத்தொலைகளை முழு எண்ணாக்குங்கள். முதலிலேயே முழு எண்ணாக்கிவிட்டுச் சுருக்கினால் ஹேண்டில்கள் ஒன்றிரண்டு அலகு விலகி, வழவழப்பான புள்ளிகள் லேசாக ஒடியும். TrueType ஆக ஏற்றுமதி செய்யும்போது புள்ளி எண்ணிக்கை கூடும், ஏனென்றால் அதன் வளைவு வேறு வகை. அதைக் கண்டு பதறி மூலக்கோப்பில் மாற்றம் செய்ய வேண்டாம்.

இந்த முறை பட்டை நிப்புக்கும், பட்டைத் தூரிகையைக் கோணம் மாறாமல் பிடித்து எழுதியதற்கும்தான். கூர் நிப்பில் அழுத்தம் கொடுத்து எழுதியதில் தடிமன் அழுத்தத்தால் வருகிறது, இரண்டு ஓரங்களும் ஒன்றின் நகல் மற்றொன்று ஆகாது. அங்கே நடுக்கோட்டை முதலில் வரைந்து, தடிக்கும் இடத்திலும் மெலியும் இடத்திலும் அகலத்தை அளந்து, இரண்டு ஓரத்திலும் எதிரெதிரே புள்ளி வைத்துப் போக வேண்டும். உலர்ந்த தூரிகையின் பிசிறுகள்தான் எழுத்தின் அழகு என்றால், அதைக் குறைந்த புள்ளியில் அடக்க முயலாதீர்கள். அதற்குத் தானியங்கி டிரேஸ்தான் பொருத்தம், புள்ளிகள் ஆயிரமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் ‘உ’வில் அடிக்கோட்டு முடிவின் கோணத்தை முதலில் அளந்து பாருங்கள். பிறகு எழுத்து தொடங்கும் சுழியின் வெட்டிலும் அளங்கள். இரண்டும் ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போனால் ஒரே ஜோடி எண்ணில் முழு எழுத்தும் முடிந்துவிடும். அதைவிட அதிகம் வித்தியாசம் இருந்தால், தலைக்கு ஒரு ஜோடி, அடிக்கோட்டுக்கு ஒரு ஜோடி என்று இரண்டாகப் பிரித்து வேலை செய்யுங்கள்.